ஒரு கேன் பாலும் 400 சதவீதமும்

ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்துப் பழகியவர்கள் "கடந்த ஆண்டுடன் ஒப்பிடுகையில் இத்தனை சதவீத வளர்ச்சி" என்ற வாக்கியத்தைப் பலமுறை கண்டிருப்பார்கள். அந்த வாக்கியத்தில் வளர்ச்சி எங்கிருந்து தொடங்கியது என்ற எண் பெரும்பாலும் இருப்பதில்லை. தொடக்க எண் பெரிதாக இருந்தால் அதை விட்டுவிடுவதால் பெரிய கேடு இல்லை. அது சிறிதாக இருக்கும்போது, விடுபட்ட அந்த எண்தான் முழு விடயத்தையும் தலைகீழாக்குகிறது. வளர்ச்சியை எழுதுவதற்குள்ள வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு முடிவை முன்வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் கோப்பாய், சாவகச்சேரி, வேலணை ஆகிய மூன்று இடங்களில் பால் சேகரிப்பு நிலையங்களை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். (சங்கமும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஊர்ப்பெயர்கள் படம் மனத்தில் நிற்பதற்காக மட்டுமே.) கோப்பாயில் நாளொன்றுக்குச் சராசரியாக 800 லீற்றர் வந்த பால் ஓராண்டில் 920 லீற்றராகியது. சாவகச்சேரியில் 300 லீற்றர் 390 ஆகியது. வேலணையில் 8 லீற்றர் 40 ஆகியது. சங்கத்திடம் 500 லீற்றர் கொள்ளும் ஒரேயொரு குளிரூட்டும் தாங்கி வாங்கப் பணம் இருக்கிறது. "வளர்ந்துவரும் நிலையத்துக்கே தாங்கி" என்று பணிப்பாளர் சபை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. எந்த நிலையம் வளர்கிறது?

சதவீதத்தை மட்டும் எழுதினால் கோப்பாய் 15, சாவகச்சேரி 30, வேலணை 400 என்று வரும். இப்படி வரைந்த ஒரு பட்டை வரைபடத்தைச் சுவரில் காட்டினால், வேலணையின் பட்டைக்குப் பக்கத்தில் கோப்பாய் நிலத்தோடு ஒட்டிய கோடாகவே தெரியும். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்த 400 சதவீதம் என்பது 32 லீற்றர். பால் கொண்டுசெல்லும் வழக்கமான அலுமினியக் கேன் ஒன்று 40 லீற்றர் கொள்ளும். அதாவது, வேலணையின் இன்றைய முழுச் சேகரிப்பும் ஒரு கேனுக்குள் அடங்கிவிடும்.

இங்கே நடப்பது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் "சிறிய எண்ணில் சதவீதம் பெரிதாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போவது பாதி விளக்கமே. சதவீத மாற்றத்தில் தொடக்க எண் வகுக்கும் எண்ணாக நிற்கிறது. வகுக்கும் எண் சிறிதாக இருந்தால் விடை பெரிதாவதோடு, உறுதியற்றதாகவும் ஆகிவிடுகிறது. கடந்த ஆண்டின் வேலணைச் சராசரி 8 லீற்றராக இல்லாமல் 6 ஆக இருந்திருந்தால் வளர்ச்சி ஏறக்குறைய 567 சதவீதம். 10 ஆக இருந்திருந்தால் 300 சதவீதம். நான்கு லீற்றர் இடைவெளிக்குள் விடை 267 புள்ளிகள் ஆடுகிறது. ஒரு மாடு கன்று ஈன்றதோ, ஒரு வீட்டார் சில மாதம் பாலைத் தேநீர்க் கடைக்குக் கொடுத்ததோ அந்த ஆட்டத்துக்குப் போதுமான காரணம். இதே இரண்டு லீற்றரைக் கோப்பாயின் 800 இல் கூட்டியோ குறைத்தோ பார்த்தால் 15 சதவீதம் 14.7 ஆகும் அல்லது 15.3 ஆகும், அவ்வளவுதான். ஆகவே "400 சதவீதம்" என்பது வேலணையின் நிலையைவிட, கடந்த ஆண்டில் யாருடைய மாடு பால் வற்றியிருந்தது என்பதையே கூடுதலாகச் சொல்கிறது.

இதே காரணத்தால் சதவீதங்களின் சராசரியும் கெட்டுப்போகிறது. மூன்று நிலையங்களின் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் "சராசரி வளர்ச்சி 148 சதவீதம்" என்று வரும். மொத்தப் பாலைப் பார்த்தால் 1108 லீற்றர் 1350 ஆகியிருக்கிறது. அது 21.8 சதவீதம். ஏதாவது ஓர் அறிக்கையில் சராசரி வளர்ச்சி மொத்த வளர்ச்சியைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தால், உள்ளே எங்கோ ஒரு சிறிய தொடக்க எண் ஒளிந்திருக்கிறது என்று ஐயுறலாம். ஏற்றமும் இறக்கமும் இந்த அளவையில் சமமாக நடத்தப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலணை அடுத்த ஆண்டு 40 இலிருந்து மறுபடி 8 க்கு விழுந்தால் அது 80 சதவீத வீழ்ச்சி. 400 ஏறி 80 இறங்கியது என்று கேட்பவர், நிலையம் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது என்று ஒருபோதும் ஊகிக்க மாட்டார்.

சதவீதத்தைக் கைவிட்டு லீற்றர் வேறுபாட்டை மட்டும் எழுதுவது இரண்டாவது வழி. கோப்பாய் 120, சாவகச்சேரி 90, வேலணை 32. இது உறுதியான அளவை: தொடக்க எண்ணில் இரண்டு லீற்றர் தவறினால் விடையிலும் இரண்டு லீற்றரே தவறும். ஆனால் இதற்கும் ஒரு சாய்வு உண்டு. பெரிய நிலையம் மந்தமாக வளர்ந்தாலும் எப்போதும் முன்னே நிற்கும். கோப்பாய் ஒவ்வோர் ஆண்டும் வெறும் 15 சதவீதம் வளர்ந்தாலே எல்லாத் தாங்கிகளும் கோப்பாய்க்குத்தான் போகும். வேறுபாட்டை மட்டும் வற்புறுத்துபவர்கள் பெரும்பாலும் பெரிய கிளையைச் சேர்ந்தவர்களாகவும், சதவீதத்தை வற்புறுத்துபவர்கள் புதிய கிளையைத் திறந்தவர்களாகவும் இருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

"மடங்கு" என்று எழுதுவது சிலருக்கு எளிமையான வழியாகத் தோன்றும். தமிழில் இதற்கு ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது. "நான்கு மடங்கு கூடியது" என்றால் 8 லீற்றர் 32 ஆனது என்று ஒருவர் கொள்வார். 8 உடன் மேலும் 32 சேர்ந்து 40 ஆனது என்று இன்னொருவர் கொள்வார். "ஐந்து மடங்காகியது" என்பதில் அந்த ஐயம் இல்லை. எனவே மடங்கைச் சொல்வதானால் "ஆகியது" என்ற சொல்லோடு சொல்வது நல்லது. ஆனால் சிறிய தொடக்கத்தின் சிக்கலை இது தீர்க்காது, ஏனெனில் ஐந்து மடங்கும் 400 சதவீதமும் ஒரே எண்ணின் இரண்டு உடைகள். தொடக்க ஆண்டை 100 என்று வைத்து வரையும் சுட்டெண்ணும் அதே வகைதான்: வேலணை 500 இல் நிற்கும். மடக்கை அளவில் வரைந்த வரைபடத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நீண்ட காலத் தொடரில் வளர்ச்சி வேகம் மாறுகிறதா என்று பார்க்க அது மிக நல்ல கருவி. ஆனால் அதில் சம சதவீதம் சம சரிவாகத் தெரியும் என்பதால், வேலணையின் கோடு அங்கும் செங்குத்தாகவே எழும். பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் அதை விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நான் தேர்ந்தெடுக்கும் வழி, இரண்டு முனை எண்களையும் முன்னே வைத்து, மொத்த வளர்ச்சியில் ஒவ்வொரு நிலையத்தின் பங்கையும் கூடவே எழுதுவது. மொத்தமாகக் கூடியது 242 லீற்றர். அதில் கோப்பாயின் பங்கு 120, அதாவது ஏறத்தாழப் பாதி. சாவகச்சேரியின் பங்கு 37 சதவீதம். வேலணையின் பங்கு 13 சதவீதம். இதை மொத்த வளர்ச்சியான 21.8 இன் கூறுகளாகவும் எழுதலாம்: கோப்பாய் 10.8 புள்ளி, சாவகச்சேரி 8.1, வேலணை 2.9. மூன்றையும் கூட்டினால் 21.8 வரும். சாதாரண சதவீதங்களைக் கூட்ட முடியாது, ஆனால் பங்களிப்புகளைக் கூட்ட முடியும். எந்த நிலையமும் தன் அளவுக்கு மீறிய இடத்தைப் பிடிக்க இந்த முறை விடாது என்பதே இதன் வலிமை.

இந்த வழியிலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்தத் தொடக்க எண்ணுக்குக் கீழே சதவீதத்தை எழுதாமலே விடுவது? 50 என்றோ 100 என்றோ வாய்க்கு வந்த எல்லையை வைப்பதைவிட, ஒரு தனி ஆள் வந்துபோவதால் எண் எவ்வளவு ஆடும் என்பதிலிருந்து எல்லையைப் பெறுவது நியாயமானது. வேலணையில் கடந்த ஆண்டு மூன்று வீட்டார் பால் கொடுத்தார்கள். இந்த ஆண்டு நான்கு பேர் கொடுக்கிறார்கள். நான்காமவர் கலப்பின மாடுகள் வைத்திருப்பதால் அவர் ஒருவரே 30 லீற்றர் தருகிறார் என்று கொள்வோம். அவரை நீக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் 8 லீற்றர் 10 ஆகியிருக்கிறது. 400 சதவீதம் 25 ஆகச் சுருங்குகிறது. இதே 30 லீற்றர்க்காரர் கோப்பாயில் சேர்ந்திருந்து, அவரை அங்கே நீக்கிப் பார்த்தால் 15 சதவீதம் ஏறக்குறைய 11 ஆகும். ஒருவரை நீக்கிப் பார்க்கும் இந்தச் சோதனை எவரும் செய்யக்கூடியது. ஒருவரை எடுத்ததும் கதை மாறினால் அது நிலையத்தின் வளர்ச்சி அல்ல. அந்த ஒருவருடைய வருகை.

இதிலிருந்து நான் கைக்கொள்ளும் விதி: தொடக்க எண், மிகப் பெரிய தனி வழங்குநரின் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அப்படியிருந்தால் எந்த ஒருவரும் தனியே சதவீதத்தை 10 புள்ளிகளுக்கு மேல் அசைக்க முடியாது. அதற்குக் குறைந்தால் லீற்றர் வேறுபாட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். எக்செல்லில் B நிரலில் தொடக்க எண்ணும், C இல் இறுதி எண்ணும், D இல் மிகப் பெரிய வழங்குநரின் அளவும் இருந்தால் சூத்திரம் இவ்வாறு அமையும்:

```
=IF(B2<10*D2, (C2-B2)&" லீ", TEXT((C2-B2)/B2,"0%"))
```

தொடக்க எண் பூச்சியமாக உள்ள புதிய நிலையத்துக்கும் இதே சூத்திரம் உதவும். சாதாரணமாக வகுத்தால் திரையில் `#DIV/0!` என்று வரும். அதை மறைப்பதற்காக அந்த இடத்தில் 100 சதவீதம் என்று கையால் எழுதிவிடும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். பூச்சியத்திலிருந்து எழுந்த எதற்கும் சதவீதம் கிடையாது. "புதிது, 25 லீற்றர்" என்று எழுதுவதே முழு உண்மை.

அறிக்கையில் இடம்பெற வேண்டிய அட்டவணை இவ்வளவு சிறியது:

| நிலையம் | கடந்த ஆண்டு (லீ/நாள்) | இந்த ஆண்டு (லீ/நாள்) | மிகப் பெரிய வழங்குநர் (லீ) | மாற்றம் | மொத்த வளர்ச்சியில் பங்கு |
|---|---|---|---|---|---|
| கோப்பாய் | 800 | 920 | 45 | 15% | 50% |
| சாவகச்சேரி | 300 | 390 | 30 | 30% | 37% |
| வேலணை | 8 | 40 | 30 | 32 லீ | 13% |

லீற்றருக்குப் பதிலாக விபத்துகள், நோயாளிகள் போன்ற நிகழ்வுகளை எண்ணும் இடங்களில் வழங்குநர் என்று ஒருவர் இல்லை. அங்கே ஓர் எண்ணின் இயல்பான ஆட்டம் ஏறக்குறைய அதன் வர்க்கமூல அளவுக்கு இருக்கும் என்ற புள்ளியியல் விதியைப் பயன்படுத்தலாம். ஒரு சந்தியில் 4 விபத்துகள் 9 ஆனாலும், ஒரு மாகாணத்தில் 400 விபத்துகள் 900 ஆனாலும் இரண்டும் 125 சதவீத அதிகரிப்பே. முதலாவதில் வேறுபாடு 5. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையான 13 இன் வர்க்கமூலம் 3.6 என்பதால், அந்த 5 தற்செயலாகவும் வரக்கூடியது. இரண்டாவதில் வேறுபாடு 500, இயல்பான ஆட்டமோ 36 தான். நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதபோதே இந்த விதி பொருந்தும். டெங்கு போலக் கொத்தாகப் பரவும் நோயில் ஆட்டம் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால், அங்கே இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை.

இதுவரை கடந்த ஆண்டையே தொடக்கமாகக் கொண்டோம். அந்தத் தேர்வையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும், ஏனென்றால் சில வேளைகளில் தொடக்க எண் சிறிதாக இருப்பது தொழில் சிறியது என்பதால் அல்ல, அந்த ஆண்டு முறிந்த ஆண்டு என்பதால். பலாலியிலுள்ள யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. ஆகவே 2022 ஆம் ஆண்டில் சேவைக் காலம் வெறும் 20 நாட்கள், 2023 இல் 365 நாட்கள். நாளொன்றுக்கான பயணிகள் தொகையில் ஒருவர்கூடக் கூடாமல் இருந்தாலும், ஆண்டுத் தொகைகளை ஒப்பிட்டால் 1,725 சதவீத வளர்ச்சி வந்துவிடும். இங்கே சரியான ஒப்பீடு நாளொன்றுக்கான அல்லது ஒரு பறப்புக்கான பயணிகள் தொகையே.

இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை இதைவிட நுட்பமான பாடத்தைத் தருகிறது. 2021 இல் 194,495 பேரும், 2022 இல் 719,978 பேரும், 2023 இல் 1,487,303 பேரும், 2024 இல் 2,053,465 பேரும் வந்தார்கள். ஆண்டுக்காண்டு சதவீதம் 270, 107, 38 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. இதை மட்டும் பார்ப்பவர் 2022 தான் பொற்காலம் என்றும், அதன்பின் வேகம் குன்றிவிட்டது என்றும் எண்ணுவார். கூடிய ஆட்களை எண்ணினால் 2022 இல் ஐந்தேகால் இலட்சம், 2023 இல் ஏழரை இலட்சத்துக்கும் மேல், 2024 இல் ஐந்தரை இலட்சத்துக்கும் மேல். மிகப் பெரிய ஏற்றம் 2023 இல் நிகழ்ந்திருக்கிறது. 270 சதவீதம் வளர்ந்ததாகச் சொல்லப்பட்ட 2022 ஆம் ஆண்டோ, நாடு மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற ஆண்டு. அவ்வாண்டின் வருகை 2019 இல் வந்த 1,913,702 பேரில் 38 சதவீதத்தையே எட்டியது.

அப்படியானால் 2019 ஐத் தொடக்கமாகக் கொள்வதுதான் நேர்மையா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் வருகை விழுந்துவிட்டதால், அதுவும் இயல்பான ஆண்டு அல்ல. 2018 இல் 2,333,796 பேர் வந்திருந்தார்கள். 2024 ஐ 2019 உடன் ஒப்பிட்டால் 7 சதவீதம் அதிகம். 2018 உடன் ஒப்பிட்டால் 12 சதவீதம் குறைவு. "மீண்டுவிட்டோம்" என்பதும் "இன்னும் மீளவில்லை" என்பதும் ஒரே எண்ணிலிருந்து எழுதப்படக்கூடிய இரண்டு தலைப்புகள். முறிவுக்குப் பின்னான வளர்ச்சியை எழுதுபவர், முறிவுக்கு முன்னான கடைசி இயல்பான ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வதும், அதை ஏன் கொண்டார் என்பதை ஒரு வரியில் சொல்வதும் முறை என்பது என் கருத்து. பல ஆண்டுகளின் சராசரியைத் தொடக்கமாகக் கொள்வதும் நல்லதே, ஆனால் அந்தச் சராசரிக்குள் முறிந்த ஆண்டு புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாங்கிக்குத் திரும்புவோம். அட்டவணையை லீற்றரில் எழுதியதும், "எது வேகமாக வளர்கிறது" என்ற கேள்வியே சபையின் முடிவுக்கு உரிய கேள்வி அல்ல என்பது தெரியவருகிறது. தாங்கிக்குத் தெரிவது லீற்றர் மட்டுமே. வேலணையின் 40 லீற்றரை 500 லீற்றர் தாங்கியில் ஊற்றினால், பத்திலொரு பங்குகூட நிரம்பாத தாங்கியில் பாலைக் கலக்கும் துடுப்பு அதைச் சரியாகத் தொடாமல் போகலாம், மின்கட்டணமோ குறையாது. அந்த ஒரு கேனைக் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிடலாம். கோப்பாயில் ஏற்கெனவே 1000 லீற்றர் தாங்கி ஒன்று இருக்கிறது என்று கொண்டால், இன்னும் 80 லீற்றருக்கு இடமுண்டு. இதே வேகத்தில் எட்டு மாதத்தில் அது நிரம்பும். ஆண்டு முடிவில் மிஞ்சுவது நாளொன்றுக்கு 40 லீற்றர், அதுவும் ஒரு கேன்தான். சாவகச்சேரியில் தாங்கியே இல்லையென்றால், 390 லீற்றரும் குளிரூட்டப்படாமல் லொறிக்குக் காத்திருக்கிறது, மாலைக் கறவையை வாங்கவும் முடியாது. அங்கே வைத்தால் தாங்கி முதல் நாளே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பும், இன்னும் 110 லீற்றருக்கு இடமும் இருக்கும். நான் சபையில் இருந்தால் சாவகச்சேரிக்கே கைதூக்குவேன். சதவீதத்தில் அது இரண்டாவது, லீற்றர் வேறுபாட்டிலும் இரண்டாவது.

வேலணையை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அதற்குரிய அளவை வேறு. மாதாமாதம் எத்தனை லீற்றர் என்பதோடு எத்தனை வீட்டார் என்பதையும் பன்னிரண்டு மாதங்களுக்குப் புள்ளிகளாகக் குறித்துவந்தால், வழங்குநர் நான்கிலிருந்து பத்து, பதினைந்து என்று ஏறுகிறார்களா, அல்லது அந்த 30 லீற்றர்க்காரரின் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால் வற்றும்போது கோடு மறுபடி படுக்கிறதா என்பது அடுத்த ஆண்டறிக்கை எழுதும்போது கண்ணுக்குத் தெரியும். அதுவரை அட்டவணையில் வேலணையின் வரியில் "32 லீ" என்றும், அதன் கீழே "நான்கு வழங்குநர், ஒருவர் மட்டும் 30 லீற்றர்" என்றும் எழுதினால் போதும்.